தாத்தாவின் காதோரம் ஒரு வெள்ளைக் கோடு

ராத்திரி ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. கல்யாணப் பெண்ணின் தம்பி. "அண்ணே, போட்டோ சூப்பர். ஆனா பின்னாடி தூண் மாதிரி ஏதோ நிக்குதே, அது என்னண்ணே?"

அந்த மேடையில் தூண் கிடையாது. பின்னால் சுவர் முழுக்க மெரூன் வெல்வெட் திரை, அதற்கு முன்னால் பத்தொன்பது பேர், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்து, ஃபோட்டோஷாப்பில் ஃபைலைத் திறந்து, Ctrl+1 அழுத்தி, படத்தின் ஒரு பிக்சல் மானிட்டரின் ஒரு பிக்சலாக வரும் முழு அளவில் பார்த்தேன். திரை, மடிப்பு, திரை, மடிப்பு. எல்லாம் சுத்தமாக இருந்தது. பையன் ஏதோ நிழலைப் பார்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்கு அனுப்பிய அதே படத்தை என் போனில் திறந்தேன். வெல்வெட் திரையின் வலப்பக்கம், மேலிருந்து கீழ்வரை, கட்டைவிரல் அகலத்தில் பாதி இருக்கும் ஒரு இருண்ட பட்டை. தூணேதான். ஒருமுறை கண்ணில் பட்டதும் படத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவுக்கு நான் எடிட்டிங் செய்து கொடுக்கிறேன். ஆல்பம் டிசைன், பெரிய ஃப்ரேம், அவ்வப்போது இறந்தவர்களின் பழைய படத்தைச் சரிசெய்வது. "ஒட்டு தெரியக் கூடாது" என்பதுதான் இந்தத் தொழிலில் காதில் அதிகம் விழும் வாக்கியம். முழு அளவில் ஒரு ஒட்டு தெரியவில்லையென்றால் அது எங்கேயும் தெரியாது என்று பல வருஷம் நம்பியிருந்தேன். பெரிதாக்கினால் எல்லாக் குறையும் பெரிதாகத் தெரியுமே, அப்புறம் சின்னதில் எப்படித் தெரியும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைத்தான் இந்தப் படத்தை வைத்துச் சொல்ல வருகிறேன்.

படத்தில் எனக்கு இருந்த வேலை இரண்டு. கூட்டம் அதிகம் என்று கேமராவைப் பின்னுக்குத் தள்ளியதில், வலது ஓரத்தில் லைட் ஸ்டாண்டும் அதன் மேல் விரித்த குடையும் ஃப்ரேமுக்குள் வந்துவிட்டன. அவற்றை எடுக்க வேண்டும். இன்னொன்று, பெண்ணின் தாத்தா. அந்த வரிசையில் எடுத்த ஆறு படங்களிலும் ஒன்று கண்ணை மூடியிருந்தார், அல்லது கீழே குனிந்து பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து மாப்பிள்ளை வீட்டாரோடு எடுத்த படத்தில் மட்டும் நேராகப் பார்த்திருந்தார். அந்தத் தலையை எடுத்து இங்கே வைக்க வேண்டும்.

முதலில் குடை. அது 6000க்கு 4000 பிக்சல் படம். குடை விரிந்திருந்த இடம் சுமார் 1100 பிக்சல் அகலம். இடது பக்கத்துத் திரையிலிருந்து துணியை அப்படியே நகலெடுத்து, அதாவது குளோன் செய்து, பேட்ச் போட்டு மூடினேன். விளிம்பு தெரியாமலிருக்க, பேட்சில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கின் ஓரத்தை 400 பிக்சல் அளவுக்கு மென்மையாகக் கரைத்துவிட்டேன். துணியின் மடிப்பெல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால் திரை ஒரே வெளிச்சத்தில் இல்லை. லைட் வலப்பக்கம் நிற்பதால் வலது ஓரம் வெளிச்சம், இடது பக்கம் போகப்போக மங்கல். நான் துணி எடுத்தது மங்கலான பக்கத்திலிருந்து. அதை வெளிச்சமான இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த நாள் காலையில், நிறத்தை அளக்கும் ஐடிராப்பரை 101 by 101 Average என்று வைத்து மூன்று இடங்களில் அளந்தேன். ஒற்றைப் பிக்சலை அளந்தால், நாய்ஸ் என்கிற பொடிப் புள்ளிகள் காரணமாக எண் தாவிக்கொண்டே இருக்கும். சராசரி எடுத்தால்தான் உண்மை தெரியும். மெரூன் என்பதால் சிவப்புச் சேனல் எண்ணைப் பார்த்தால் போதும். பேட்சுக்கு இடப்புறம் 120, வலப்புறம் 128, நடுவில் என் பேட்ச் 117. நியாயமாக அங்கே 124 போல இருந்திருக்க வேண்டும். 255 வரை போகும் அளவுகோலில் ஏழு படி குறைவு. கேட்டால் அற்பம்தான்.

இந்த அற்பம் முழு அளவில் ஏன் தெரியவில்லை? என்னுடையது 24 அங்குல மானிட்டர், சாதாரண ஃபுல் எச்டி. அதில் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 0.28 மில்லிமீட்டர். நான் கரைத்துவிட்ட 400 பிக்சல் அந்தத் திரையில் பதினோரு சென்டிமீட்டர். பேட்சின் வலது ஓரத்தில் 117லிருந்து 128க்கு ஏறுவது அந்தப் பதினோரு சென்டிமீட்டருக்குள் நிதானமாக நடக்கிறது. நம் கண் வெளிச்சத்தின் அளவைவிட வெளிச்சம் மாறும் வேகத்தைத்தான் கவனிக்கும். மெதுவாக மாறினால் கண்டுகொள்ளாது. சாயங்காலம் வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வருவது, யாராவது வந்து லைட்டைப் போடும்வரை நமக்கு உறைக்காததைப் போல.

போனில் அதே 6000 பிக்சல் 1080 பிக்சலாகச் சுருங்குகிறது. பதினோரு சென்டிமீட்டராக இருந்த அந்த ஏற்றம் இப்போது அரை சென்டிமீட்டருக்கும் குறைவு. வெளிச்ச வித்தியாசம் அதே பதினோரு படி. ஏறும் தூரம் மட்டும் சுருங்கிவிட்டது. மலைச்சரிவு படிக்கட்டாகிவிட்டது. அதோடு, வெளிச்சம் ஏறத் தொடங்கும் இடத்தில் இல்லாத இருட்டையும், ஏறி முடியும் இடத்தில் இல்லாத வெளிச்சத்தையும் கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளர் 1865இல் எழுதிவைத்த விஷயம் இது. மாக் பட்டைகள் என்றே பெயர். ஆக, தம்பி பார்த்த தூணில் பாதி நான் செய்தது, மீதி அவன் கண் செய்தது. வலது ஓரம் தெளிவாகவும் இடது ஓரம் மங்கலாகவும் தெரிந்ததற்கும் காரணம் அந்த எண்களிலேயே இருக்கிறது. வலது பக்கம் பதினோரு படி ஏற்றம், இடது பக்கம் மூன்றே படி.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. மென்மையாகக் கரைத்துவிட்டதுதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. கடினமான விளிம்பாக விட்டிருந்தால் முழு அளவிலேயே பல்லை இளித்திருக்கும், அப்போதே வண்ணத்தைச் சரிசெய்திருப்பேன். கரைத்தால் ஒட்டு போய்விடும் என்று நினைத்தேன். கரைத்தது, ஒட்டை என் மானிட்டரிலிருந்து அவர்கள் போனுக்குத் தள்ளிவிட்டது.

சரிசெய்தது இப்படி. பேட்சுக்கு மட்டும், வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு நடுப்புள்ளியைக் கொஞ்சம் தூக்கினேன். அதன் மாஸ்க்கில், வலது பக்கம் முழு வெள்ளையாகவும் இடது பக்கம் சாம்பலாகவும் ஒரு கிரேடியன்ட் இழுத்தேன், வெளிச்சம் வலப்பக்கம் கூடுதலாகத் தூக்கட்டும் என்று. மறுபடி அளந்தபோது 120, 124, 128 என்று படிப்படியாக வந்தது. பிறகு படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். தூண் போயிருந்தது, ஆனால் வேறொன்று வந்திருந்தது. ஒரே மடிப்பை மூன்று முறை குளோன் செய்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அதே வளைவு, அதே உயரத்தில் அதே சுருக்கம். முழு அளவில் ஒரு நேரத்தில் ஒரு மடிப்புதான் மானிட்டரில் இருக்கும், அதனால் ஒற்றுமை தெரியாது. சுருக்கினால் வால்பேப்பர் மாதிரி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் இருப்பதைத் திருப்பிப்போட்டு நீளத்தை மாற்றினேன்.

இந்த மாதிரி மெதுவான வெளிச்ச வித்தியாசத்தைப் போனுக்குப் போகாமலே பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, கோட்டை மலைத்தொடர் மாதிரி மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை ஏற்றி இறக்க வேண்டும். படம் கண்றாவியான கலரில் மாறும். ஆனால் ஐந்து படி வித்தியாசம் ஐம்பது படியாகக் காட்டும். அந்த நிலையில் சரியான துணித்திரை என்றால் வண்ணப் பட்டைகள் ஓடைபோல ஒழுங்காக ஓடும். பேட்ச் இருக்கும் இடத்தில் பட்டை உடைந்து, தீவு மாதிரி ஒரு வட்டம் நிற்கும். என் பழைய பேட்சை அதில் பார்த்தபோது குடையின் உருவமே தெரிந்தது. இந்த லேயருக்கு நான் வைத்திருக்கும் பெயர் "அழி". காரணம், ஒருமுறை அதை அணைக்க மறந்து ஜேபெக் எடுத்து ஸ்டுடியோ அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். பச்சை முகமும் ஊதா வேட்டியுமாக ஒரு குடும்பம். "தம்பி, இது என்ன தீமு?" என்று மட்டும் கேட்டார்.

இவ்வளவும் போன் கற்றுக்கொடுத்தது. ஆனால் இந்தப் படம் போனோடு நிற்கப் போவதில்லை. வீட்டு ஹாலில் மாட்ட 16க்கு 24 அங்குல ஃப்ரேமும் கேட்டிருந்தார்கள். 6000 பிக்சல் 24 அங்குலத்தில் பரவினால் ஒரு அங்குலத்துக்கு 250 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் 0.1 மில்லிமீட்டர். முழு அளவில் நான்கு பிக்சல் அகலமுள்ள குறை, பிரிண்டில் 0.4 மில்லிமீட்டர் கோடாக நிற்கும். சுவரில் மாட்டுவதற்கு முன்னால் எல்லோரும் அதைக் கையில் வாங்கி மூக்குக்கு நேராக வைத்துத்தான் பார்ப்பார்கள். போனிலோ அந்த நான்கு பிக்சல் ஒரு பிக்சலுக்கும் குறைவாகச் சுருங்கி, பக்கத்து நிறத்தோடு கலந்து காணாமல் போய்விடும். போனில் நூறு பேர் பார்த்துப் பாராட்டினாலும் அந்தக் கோடு அங்கேயே இருக்கும்.

அதனால் படத்தை மறுபடி முழு அளவில் நடந்து பார்த்தேன். நடப்பது என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். முன்பெல்லாம் நான் வேலை செய்த இடங்களுக்கு மட்டும் போய் எட்டிப் பார்த்துவிட்டு முடித்துவிடுவேன். குடை இருந்த இடம், தாத்தா முகம், அவ்வளவுதான். ஆனால் மிச்சம் கிடப்பது பெரும்பாலும் நாம் கைவைத்ததாக நினைவே இல்லாத இடத்தில். ஃபோட்டோஷாப்பில் Home அழுத்தினால் படத்தின் இடது மேல் மூலைக்குப் போகும். Page Down ஒரு திரை கீழே, Ctrl+Page Down ஒரு திரை வலப்பக்கம். பேனல்கள் போக என் மானிட்டரில் படத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1600க்கு 900. குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து, ஆக இருபது திரை. வயலுக்கு உழவு ஓட்டுகிற மாதிரி வரிசையாகப் போனால் ஒரு திரைக்குப் பத்துப் பதினைந்து வினாடி. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நூறு சதவீதத்திலேயே ஏன், 66.7இல் பார்த்தால் சீக்கிரம் முடியுமே என்று கூட வேலை செய்கிற தம்பி ஒருவன் கேட்டான். பாதிப் பாதியாக இல்லாத அளவுகளில் மென்பொருள் பிக்சல்களைக் கூட்டிக் கழித்துக் காட்டுகிறது. லேயர்கள் சேரும் இடத்தில் இல்லாத மயிரிழைக் கோடுகள் தெரியும். இருக்கிற கோடு மறையவும் செய்யும். பேய்க் கோடா நிஜக் கோடா என்று சந்தேகம் வந்தால் Ctrl+Shift+Alt+E அழுத்தி எல்லாவற்றையும் சேர்த்து மேலே ஒரே லேயராக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பேய் என்றால் போய்விடும். நிஜம் என்றால் நூறு சதவீதத்திலும் நிற்கும். துண்டாக வெட்டி ஒட்டிய லேயரை ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் இழுத்திருந்தால் அதன் ஓரத்தில் ஒரு பிக்சல் வரிசை பாதி ஒளிபுகுவதாக மாறியிருக்கும். அங்கே வருவது நிஜக் கோடு. அந்தத் தம்பி வைத்திருப்பது 4கே திரையுள்ள லேப்டாப். அதில் பிக்சல் அவ்வளவு பொடி, நூறு சதவீதத்தில் பார்ப்பது பார்க்காததற்குச் சமம். அவன் 200இல் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரிசை, மூன்றாவது திரையில் தாத்தா.

இடது காதோரம் ஒரு வெள்ளைக் கோடு. நரைத்த முடி, பின்னால் மெரூன் திரை. தலையை எடுத்துவந்த படத்தில் தாத்தாவுக்குப் பின்னால் இருந்தது மெரூன் இல்லை, யாரோ ஒரு மாமாவின் வெள்ளைச் சட்டை. முடியோடு சேர்ந்து அந்தச் சட்டையின் வெள்ளையும் மூன்று நான்கு பிக்சல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நரைமுடிதானே என்று கண் ஏமாந்துவிட்டது. கறுத்த முடியாக இருந்தால் வெட்டும்போதே தெரிந்திருக்கும். முடிக்கும் இந்த மிச்சத்துக்கும் வித்தியாசம் என்னவென்றால், முடி இழை இழையாக, நீளம் மாறி மாறி இருக்கும். மிச்சம் பேனாவால் வரைந்த மாதிரி ஒரே தடிமனில் ஓடும். மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே தள்ளினேன். பாதி போனது, ஆனால் இழைகளும் சேர்ந்து போகத் தொடங்கின. மீதிக்கு குளோன் ஸ்டாம்ப்பின் மோடை Darken என்று மாற்றி, பக்கத்துத் திரையின் மெரூனை எடுத்து ஓரமாகத் தடவினேன். அந்த மோடில் திரையைவிட வெளுத்த பிக்சல் மட்டும்தான் மாறும். நரையும் வெளுப்புதானே, அதனால் பிரஷ்ஷை மூன்று பிக்சலுக்குச் சுருக்கி, இழைகளுக்கு நடுவே மட்டும். காது ஒன்றுக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது.

கழுத்துப் பக்கம் பிரச்சினையே இல்லை. தலை மாற்றும்போது ஒட்டைத் தோலின் நடுவில் வைக்கக் கூடாது. சட்டைக் காலர் இருந்தால் அதன் விளிம்பிலேயே வைத்துவிட வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருப்பதால் இன்னொரு கோட்டை யாரும் தேட மாட்டார்கள். மூக்குக்கண்ணாடியில்தான் ஒரு கூத்து. புதுத் தலையின் கண்ணாடிக் கம்பி காதை நோக்கிப் போகிறது. காதுக்குப் பின்னால், கீழே கிடக்கும் பழைய தலையின் கம்பி முனை ஒன்று தனியாக எட்டிப் பார்க்கிறது. புதுத் தலை பழையதைவிட ஒரு விரற்கடை திரும்பியிருந்ததால் பழைய தலையின் ஓரம் வெளியே தெரிந்திருக்கிறது. இதை எடுக்கப் புதுத் தலையின் மாஸ்க்கைத் தொட்டுப் பயனில்லை. கீழ் லேயருக்குப் போய்ப் பழைய தலையின் ஓரத்தைத் திரையால் மூட வேண்டும்.

அடுத்து நாய்ஸ். முதல் படம் ISO 1600. பத்து நிமிஷம் கழித்து எடுத்தபோது லைட் சரியாகச் சார்ஜ் ஏறவில்லை என்று போட்டோகிராஃபர் தம்பி 3200க்குப் போயிருக்கிறார், அதனால் நாய்ஸும் ஏறியிருக்கிறது. தாத்தாவின் முகம் மணல் தூவிய மாதிரி, கீழே சட்டையும் பக்கத்தில் பாட்டியின் முகமும் வழவழவென்று. ஃபோட்டோஷாப்பில் Ctrl+5 அழுத்தினால் நீலச் சேனல் மட்டும் தெரியும். நாய்ஸ் அதிகம் இருப்பது பெரும்பாலும் அங்கேதான். அதில் பார்த்தால் ஒட்டிய தலை, ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி தனித்து நின்றது. முகத்தில் நாய்ஸைக் குறைத்தேன், அது கொஞ்சம் மெழுகு ஆனது. பிறகு ஒற்றை நிற நாய்ஸ் ஒன்றரை சதவீதம் திரும்பத் தூவினேன். குளோனும் ஹீலிங்கும் செய்த இடங்களில் நேர்மாறு: அங்கே நாய்ஸ் தேய்ந்துபோய் வழவழப்பாகக் கிடக்கும், தூவத்தான் வேண்டும். போனில் இதில் எதுவும் தெரியாது, ஏனென்றால் சுருக்கும்போது பொடியெல்லாம் சராசரியாகிவிடும்.

இருபது திரையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது பதினோராவது. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைத் தோளில் மெல்லிய நீலக் கறை. நான் அங்கே கையே வைக்கவில்லை. உற்றுப் பார்த்தால் அது கறையில்லை, ஒரு நீலச் சட்டையின் பொத்தான் வரிசை. தாத்தா தலைக்காக இரண்டாவது படத்தை முழுசாக மேலே போட்டு, வேண்டாத இடத்தைக் கறுப்பு பிரஷ்ஷால் மறைத்திருந்தேன். பிரஷ் எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லும் ஒபாசிட்டி எப்போதோ 80 சதவீதத்தில் நின்றிருக்கிறது. இரண்டு முறை தடவிய இடத்திலும் நான்கு சதவீதம் மிச்சம். மாப்பிள்ளையின் தோளில் அவருடைய சித்தப்பா ஆவியாக நின்றுகொண்டிருந்தார். Alt-ஐப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரை முழுக்கத் தெரியும். முழுக் கறுப்பும் நான்கு சதவீதச் சாம்பலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால், அங்கேயே லெவல்ஸ் போட்டு வெள்ளை ஸ்லைடரை இடதுபக்கம் இழுத்துப் பார்த்தேன். துடைப்பம் போட்ட தரை மாதிரி எங்கெங்கோ கோடு கோடாகச் சாம்பல். பார்த்ததும் கேன்சல் செய்துவிட்டு, கறுப்புச் ஸ்லைடரைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்ததும் எல்லாம் அடங்கியது. இந்த ஒரு பரிசோதனையை இப்போது நடக்கத் தொடங்கும் முன்பே செய்துவிடுகிறேன்.

பிறகு மறுபடி போன். மானிட்டரிலேயே சின்னதாக்கிப் பார்த்தால் போதாதா என்றால், பெரும்பகுதி போதும். தூணை அப்படியும் பிடித்திருக்கலாம். போதாத பகுதி இருட்டு. என் மானிட்டரை பிரிண்டோடு ஒத்துப்போக வேண்டுமென்று வெளிச்சம் குறைத்து வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்களோ வெயிலில் நின்றுகொண்டு, வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, ஓலெட் திரையில் பார்க்கிறார்கள். மேடைக்குக் கீழே, கார்பெட்டின் நிழலில் ஒரு ஒயர் ஓடியது. இருட்டுதானே என்று சுத்தக் கறுப்பு பிரஷ்ஷால் இழுத்துவிட்டிருந்தேன். உண்மையான நிழல் சுத்தக் கறுப்பு கிடையாது. அங்கே எண்கள் எட்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே துடித்துக்கொண்டிருந்தன, என் கோடு மட்டும் பூஜ்யம். போனில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் கார்பெட்டில் பாம்பு படுத்திருந்தது. பக்கத்து நிழலையே குளோன் செய்து மூடினேன்.

போனில் பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஜேபெக்கை sRGB வண்ண முறையில் எடுத்து, எனக்கே வாட்ஸ்அப்பில் இரண்டு விதமாக அனுப்பிக்கொள்வேன், படமாக ஒன்று, டாக்குமென்டாக ஒன்று. சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கி, நன்றாக நசுங்கித்தான் போய்ச் சேரும். டாக்குமென்ட் அப்படியே போகும். வாடிக்கையாளர் பார்க்கப்போவது பெரும்பாலும் நசுங்கியதைத்தான், அதனால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நசுக்குகிறது. மெதுவாக மாறும் நிறத்தில், அதுவும் நாய்ஸ் தேய்ந்துபோன வழவழப்பான இடத்தில், மாற்றம் படிப்படியாக உடைந்து பட்டை விழும். என்னிடம் சுத்தமாக இருந்தது அங்கே போய்ப் படிக்கட்டாக மாறும். கண்ணுக்கு இதமான மஞ்சள் விளக்கு வசதியை அணைத்துவிட்டு, வெளிச்சம் முழுக்க வைத்து, முதலில் விரல் வைக்காமல் போனை நிமிர்த்திப் பார்ப்பேன், பிறகு படுக்கவைத்து. பிறகுதான் இரண்டு விரலால் விரிப்பது. அதிலும் பேட்ச் இருக்கும் இடத்துக்குப் போக மாட்டேன். முகம் முகமாகப் போவேன், ஏனென்றால் குரூப் போட்டோ கையில் வந்ததும் ஒவ்வொருவரும் செய்வது தன் முகத்தை விரித்துப் பார்ப்பதுதான். பத்தொன்பது பேர், பத்தொன்பது விரிப்பு.

என் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மூன்று மணி நேரம் ஒரு காதையே பார்த்தவனுக்கு அந்தக் காதைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லை. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால் கொஞ்சம் புதிதாகத் தெரியும், அதுவும் ஒரு முறைதான் வேலை செய்யும். அதனால் தங்கச்சிக்கு அனுப்பினேன், எங்கே என்ன செய்தேன் என்று எதுவும் சொல்லாமல். "ஒட்டு தெரியுதா பாரு" என்று கேட்டால் இல்லாத ஒட்டையும் கண்டுபிடிப்பாள். "யாரு அழகா இருக்கா சொல்லு" என்று மட்டும் கேட்டேன். "பாட்டிதான். ஆமா, அந்தத் தாத்தா ஏன் அவங்கள விட முன்னாடி நிக்கிற மாதிரி இருக்காரு?" என்றாள்.

பார்த்தேன். ஒட்டு எங்கும் இல்லை. தலை கொஞ்சம் பெரிது. இரண்டாவது படத்தில் கேமரா கிட்டே இருந்திருக்கிறது. நான் சுருக்கியது போதவில்லை. பழைய தலையில் புருவத்திலிருந்து தாடைவரை அளந்து, புதியதை அதோடு ஒப்பிட்டால் நான்கு சதவீதம் அதிகம். சுருக்கினேன். சுருக்கியதும் காதோரம் பழையபடி கொஞ்சம் மெரூன் இல்லாத இடம் திறந்தது, அதை மூடினேன், நாய்ஸைப் பார்த்தேன், மறுபடி Home அழுத்தி இருபது திரை.

ஃப்ரேமைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் ஸ்டுடியோ அண்ணனோடு போயிருந்தேன். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை மடியில் வைத்து, விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே வந்தார். தாத்தாவிடம் விரல் நின்றது.

"என்னப்பா, இவரு நெத்தில சந்தனம் காணோம்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். பத்து நிமிஷ இடைவெளியில் தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்திருக்கிறார். முதல் படத்தில் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கின்றன, இரண்டாவதில் இல்லை. மற்ற பதினெட்டுப் பேர் நெற்றியிலும் இருக்கிறது.

"திருப்பிக் கொடுங்க பாட்டி, நாளைக்குப் போட்டுக் கொண்டாறேன்" என்றேன்.

சந்தனத்தைக் கண் மூடிய தலையிலிருந்தே எடுத்தேன். நெற்றிச் சுருக்கத்துக்கு ஏற்ப லேசாக வளைத்து, ஓரத்தை இரண்டே பிக்சல் கரைத்து வைத்ததில் அரை மணி நேரம். லேபுக்கு அனுப்பும் முன் போனில் ஒருமுறை, முழு அளவில் இருபது திரை ஒருமுறை. இரண்டாவது பிரிண்டுக்கான காசு என் கணக்கில்.